மெஷின் நேரத்தை எதற்குக் கொடுப்பது: மூடியா, டப்பாவா, ஜாப் ஒர்க்கா?

குறிச்சி மோல்டிங் · 9 ஜூன் 2024, இரவு 10.40

கோயம்புத்தூர் குறிச்சியில் சின்ன பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட் நடத்துகிறேன். 150 டன் மெஷின் ஒன்றே ஒன்று. ஒரு நாளைக்கு இரண்டு ஷிப்ட், மாதம் 25 நாள். டை என்கிற அச்சை மாற்றுவது, மெஷின் பராமரிப்பு, கரண்ட் போவது என்று 40 மணி நேரம் போனால், மாதத்துக்கு 360 மணி நேரம் உருப்படியாக ஓடும்.

மூன்று பொருள் போடுகிறேன். ஊறுகாய் பாட்டிலுக்கான மூடி, ஒரு லிட்டர் டப்பா, பம்ப் கம்பெனி ஒன்றுக்கு மோட்டாரின் ஃபேன் கவர். முதல் இரண்டும் என் சரக்கு. ஃபேன் கவருக்கு டையும் அவர்களுடையது, தானா என்கிற பிளாஸ்டிக் குருணையும் அவர்கள் தருவது. எனக்குக் கூலி மட்டும்.

இந்த வருஷம் கணக்கு முடித்தபோது ஆடிட்டர், "பொருள்வாரியா கான்ட்ரிபியூஷன் போட்டுப் பாருங்க" என்றார். விலையில் அந்தப் பொருளுக்கென்றே ஆகும் செலவைக் கழித்து, கையில் என்ன நிற்கிறது என்று பார்த்தேன்.

மூடி: விலை 2.30. தானா, கலர், சேதாரம் சேர்த்து 1.65. பேக்கிங் 10 பைசா, கரண்ட் 13 பைசா. நிற்பது 42 பைசா.

டப்பா: விலை 18.00. தானா 12.15, பேக்கிங் 90 பைசா, வண்டி 80 பைசா, கரண்ட் 1.33. நிற்பது 2.82.

ஃபேன் கவர்: கூலி 4.50. கரண்ட் 1.11, பிசிறு வெட்ட 50 பைசா, வண்டி 19 பைசா. நிற்பது 2.70.

நூறு ரூபாய் விற்றால் ஃபேன் கவரில் 60 ரூபாய் நிற்கிறது. மூடியில் 18, டப்பாவில் 16. அதனால்தான் இரண்டு வருஷமாக ஃபேன் கவருக்கு முதல் இடம் கொடுத்து, அவர்கள் கேட்கும் 12,000 பீஸையும் போட்டுக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் மற்றதை ஓட்டுகிறேன். மூடிக்காரர் மாதம் ஒரு லட்சம் கேட்கிறார், பாதிதான் தர முடிகிறது. டப்பா 6,000 போகிறது.

60 சதவீதம் நிற்கும் வேலையை முழுசாகச் செய்தும் மாதக் கடைசியில் ஏன் ஒன்றும் மிஞ்சுவதில்லை? மூடியை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. 42 பைசாவுக்காக யார் மாரடிப்பது?

லேத்காரன் · 9 ஜூன், இரவு 11.15

மெஷின் ஹவர் ரேட் போடாமல் என்ன கணக்கு இது? வாடகை, ஆள் சம்பளம், தவணை எல்லாம் எங்கே? என் சிஎன்சிக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு ரேட் வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே வரும் வேலையைத் தொடவே மாட்டேன். நீங்களும் அதைப் போட்டுப் பாருங்கள், எது நஷ்டம் என்று உடனே தெரிந்துவிடும்.

மில் கணக்கர் · 10 ஜூன், காலை 6.20

முப்பது வருஷம் நூற்பாலையில் காஸ்டிங் பார்த்தவன். இப்போது வீட்டில்தான் இருக்கிறேன், காலையில் பொறுமையாகப் படித்தேன்.

தம்பி, விற்பனையில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதில்தான் உங்களுக்கு வழி தவறியிருக்கிறது. ஜாப் ஒர்க்கில் தானா அவர்களுடையது. அது உங்கள் விலையிலும் இல்லை, செலவிலும் இல்லை. அடியில் நிற்கும் எண் சிறியது, அதனால் சதவீதம் பெரிதாகத் தெரிகிறது. நாளைக்கே அந்தக் கம்பெனி "தானாவை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், விலையில் சேர்த்துத் தருகிறோம்" என்றால் பீஸுக்கு அதே 2.70 நிற்கும், ஆனால் சதவீதம் 20க்குக் கீழே போய்விடும். வேலை மாறவில்லை, மெஷின் மாறவில்லை.

உங்களிடம் பற்றாக்குறை எது? ஆர்டர் இருக்கிறது, ஆள் இருக்கிறது. 360 மணி நேரம்தான் போதவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் எது எவ்வளவு கொண்டுவருகிறது என்று கேளுங்கள். மணிக்கு எத்தனை பீஸ் விழுகிறது என்று நீங்கள் எழுதவே இல்லை.

இன்னொன்று. தானா கிலோ என்ன விலை போட்டீர்கள்?

குறிச்சி மோல்டிங் · 10 ஜூன், மதியம் 1.05

மூடி 4 கேவிட்டி, அதாவது ஒரு ஷாட்டில் நாலு மூடி விழும், 24 நொடிக்கு ஒரு ஷாட். மணிக்கு 600. டப்பா ஒரு கேவிட்டி, சுவர் தடிமன், ஆறுவதற்கு நேரம் எடுக்கும். ஒரு நிமிஷத்துக்கு ஒன்று, மணிக்கு 60. ஃபேன் கவர் ஒரு கேவிட்டி, 50 நொடி. மணிக்கு 72.

தானா கிலோ 129.80. பில்லைப் பார்த்துத்தான் போட்டேன்.

மில் கணக்கர் · 10 ஜூன், மதியம் 2.30

நினைத்தேன். 129.80 என்றால் 110 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும். விற்கும் விலை 2.30 வரி இல்லாமல், வாங்கும் விலை வரியோடு. கட்டும் வரியை மாசா மாசம் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் அது உங்கள் செலவே இல்லை. காம்போசிஷனில் இருப்பவர் மாதிரி உள்ளீட்டு வரவு எடுக்க முடியாதவருக்குத்தான் அது செலவு.

வரியை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

குறிச்சி மோல்டிங் · 10 ஜூன், இரவு 9.50

திரும்பப் போட்டேன். மூடிக்குத் தானா 1.40 ஆகிறது, நிற்பது 42 இல்லை, 67 பைசா. டப்பாவுக்கு 10.30, நிற்பது 4.67. ஃபேன் கவரில் தானாவே இல்லாததால் மாற்றமில்லை, அதே 2.70.

இதை மணிக்குப் பெருக்கினேன்:

```
மூடி        0.67 × 600 = 402 ரூ.
டப்பா       4.67 ×  60 = 280 ரூ.
ஃபேன் கவர்  2.70 ×  72 = 194 ரூ.
```

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சதவீதத்தில் பார்த்தால் ஃபேன் கவர் முதல். பீஸுக்குப் பார்த்தால் டப்பா முதல். மணிக்குப் பார்த்தால் நான் விடலாமா என்று கேட்ட மூடி முதல். மூன்று கேள்விக்கும் மூன்று விதமான வரிசை. ஃபேன் கவர் மணிக்கணக்கில் கடைசி, நானோ அதைத்தான் இரண்டு வருஷமாக முதலில் ஏற்றினேன்.

வரியோடு விட்டிருந்தால் டப்பா மணிக்கு 169 என்று வந்திருக்கும், ஃபேன் கவருக்கும் கீழே. அந்தக் கணக்கை நம்பி டப்பாவை நிறுத்தியிருப்பேன்.

குறிச்சி மோல்டிங் · 10 ஜூன், இரவு 11.30

தூக்கம் வரவில்லை, மாதத்துக்கும் போட்டுவிட்டேன்.

இப்போது செய்வது: ஃபேன் கவர் 12,000 பீஸுக்கு 167 மணி போகிறது, 32,400 ரூபாய். டப்பா 6,000க்கு 100 மணி, 28,020. மிச்சம் 93 மணியில் மூடி 56,000, அதில் 37,520. மொத்தம் 97,940.

திருப்பிப் போட்டால்: மூடி ஒரு லட்சத்துக்கு 167 மணி, 67,000. டப்பா அதே 28,020. மிச்ச 93 மணியில் ஃபேன் கவர் 6,720 பீஸ், 18,144. மொத்தம் 1,13,164.

அதே மெஷின், அதே ஆள், மாதம் 15,224 ரூபாய் வித்தியாசம். வாடகை 18,000, ஆள் சம்பளம் 30,000, தவணை 24,000, கரண்ட் நிலைக் கட்டணம் 8,000, மற்றது 10,000 என்று மாதம் 90,000 எது ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியது. ஆக இப்போது நிற்பது 7,940. மாற்றினால் 23,164.

லேத்காரன் · 11 ஜூன், காலை 9.10

நான் சொன்னதுதானே. 90,000த்தை 360ஆல் வகுத்தால் மணிக்கு 250. ஃபேன் கவர் 194தான் தருகிறது. ஒவ்வொரு மணிக்கும் 56 ரூபாய் நஷ்டம். பாதியாக்குவது எதற்கு? அடியோடு நிறுத்துங்கள்.

குறிச்சி மோல்டிங் · 11 ஜூன், காலை 11.40

அண்ணா, நிறுத்திப் பார்த்தேன், காகிதத்தில்தான். மூடி, டப்பா இரண்டும் சேர்ந்து 95,020. அதில் 90,000 போனால் 5,020. ஃபேன் கவரோடு 23,164, இல்லாமல் 5,020. "நஷ்டம்" தரும் பொருளை நிறுத்தினால் என் லாபம் 18,144 குறைகிறது. நிறுத்தினால் அந்த 93 மணிக்கு மெஷின் சும்மா நிற்கும். தவணைக்காரர் 93 மணிக்குக் கழித்துக்கொள்ள மாட்டாரே.

லேத்காரன் · 11 ஜூன், மதியம் 12.30

அப்படியானால் எந்த விலைக்கும் வேலை எடுத்துவிடுவீர்களா? எங்கள் ஏரியாவில் இரண்டு பேர் இப்படித்தான் "கரண்ட் காசு வந்தால் போதும்" என்று எடுத்து எடுத்து, மெஷினை விற்றுவிட்டுப் போனார்கள். நான் கண்ணால் பார்த்தது.

மில் கணக்கர் · 11 ஜூன், மாலை 5.15

லேத்காரர் சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியை விட்டுவிடக் கூடாது. 250 ரூபாய் ரேட் ஒரு கேள்விக்குப் பதில், 194 வேறொரு கேள்விக்குப் பதில். இந்த மாதம் இருக்கும் மெஷினில் எதை ஓட்டுவது என்றால் 250க்கு இங்கே வேலையில்லை, அது எல்லாப் பொருளுக்கும் பொது. ஆனால் ஃபேன் கவருக்காக இரண்டாவது மெஷின் வாங்கலாமா என்று கேட்டால், அப்போது தவணையும் ஆளும் அந்த முடிவோடு வருகிற செலவு. 194 தரும் வேலைக்கு மெஷின் வாங்கினால் கடனில்தான் போய் நிற்பீர்கள். அந்த இரண்டு பேர் விட்டதும் அங்கேதான் இருக்கும். காலியாக இருந்த நேரத்துக்குச் சொன்ன விலையை முழு மெஷினுக்கும் விலையாக்கியிருப்பார்கள்.

ஆள் சம்பளமும் அப்படித்தான். மாதச் சம்பளம் என்பதால் இப்போது கணக்கில் வரவில்லை. குறையும் 5,280 ஃபேன் கவரை ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாம் என்று நினைத்தால் அன்றைய சம்பளம் அந்த வேலையின் தலையில்தான் விழும்.

குறிச்சி மோல்டிங் · 11 ஜூன், இரவு 10.00

ஞாயிறு ஓட்டுவதைப் போட்டேன். 15,000 சம்பளக்காரருக்கு மணிக்கு 72, இரட்டிப்பாக 144. 194இல் அது போனால் 50. 73 மணிக்கு ஏறக்குறைய 3,700 ரூபாய். நஷ்டமில்லை. ஆனால் ஞாயிறு காலை ஷெட்டைத் திறக்க நானும் போக வேண்டும். பெண் ஆறாம் வகுப்பு, ஞாயிறுதான் அவளோடு உட்காருகிறேன். அவசரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஈரோடு மசாலா · 13 ஜூன், மதியம் 3.20

எனக்கு மசாலா யூனிட். நீங்கள் சொன்னபடி அரவை மெஷின் மணிக்கு எவ்வளவு என்று போட்டேன், மிளகாய்த் தூள்தான் முதலில் வந்தது, அதையே அதிகமாகப் போடட்டுமா? மெஷின் மதியத்துக்கு மேல் எப்படியும் சும்மாதான் நிற்கிறது.

மில் கணக்கர் · 13 ஜூன், மாலை 6.00

மதியத்துக்கு மேல் சும்மா நிற்கிறது என்றால் மெஷின் உங்களுக்குப் பற்றாக்குறை இல்லையம்மா. அப்புறம் எதற்கு மணிக்கணக்கு? எது இல்லாமல் அடுத்த நூறு கிலோவைப் போட முடியவில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

ஈரோடு மசாலா · 13 ஜூன், இரவு 8.45

பணம்தான். மிளகாய் வாங்கப் பணம் இருக்காது. மிளகாய்த் தூள் கிலோவுக்கு 240 ரூபாய் முடங்கும், 40 நிற்கும், மொத்த வியாபாரி இரண்டு மாதம் கழித்துத் தருவார். சாம்பார் பொடி கிலோவுக்கு 160 முடங்கும், 45 நிற்கும், கடைக்காரர்கள் இருபது நாளில் கொடுத்துவிடுவார்கள்.

எழுதும்போதே எனக்குத் தெரிகிறது. நூறு ரூபாயை மிளகாயில் போட்டால் இரண்டு மாதத்தில் 17 ரூபாய். அதே நூறு சாம்பார் பொடியில் ஒரு சுற்றுக்கு 28, இரண்டு மாதத்தில் மூன்று சுற்று. 84 ரூபாய். அவ்வளவு சாம்பார் பொடியை யார் வாங்குவார்கள் என்பது வேறு விஷயம். இருபது கடைக்கு மேல் என்னால் பிடிக்க முடியவில்லை.

குறிச்சி மோல்டிங் · 14 ஜூன், காலை 7.30

அக்கா எழுதியதைப் படித்ததும் என் கணக்கை மறுபடி எடுத்தேன். டப்பாவில் மாதம் 61,800 ரூபாய்க்குத் தானா வாங்குகிறேன், டப்பாக்காரர் 60 நாள் கழித்துத் தருகிறார். எப்போதும் 1.20 லட்சத்துக்கு மேல் அதில் நிற்கிறது. ஃபேன் கவரில் என் பணம் எதுவும் முடங்கவில்லை, கரண்ட் காசு மட்டும்தான். எனக்கு பேங்கில் சிசி கடன் வரம்பு இருப்பதால் இப்போதைக்கு நேரம்தான் பற்றாக்குறை. சிசி நிரம்பும் மாதத்தில் இதே மூன்று பொருளின் வரிசை தலைகீழாகும், ஃபேன் கவர் முதலில் வரும். போன தீபாவளி நேரத்தில் அப்படித்தான் ஒரு மாதம் தானா வாங்க முடியாமல் ஃபேன் கவர் மட்டும் ஓட்டினேன். அன்றைக்கு அது சரியான முடிவுதான். அதையே வழக்கமாக்கியதுதான் தவறு.

மில் கணக்கர் · 14 ஜூன், காலை 8.10

உத்யம் பதிவு இருந்தால், சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பதைப் பற்றி டப்பாக்காரரிடம் பேசுங்கள். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்த பிறகு அதற்குள் பணம் தராமல் வருஷக் கடைசியைத் தாண்டித் தள்ளினால், அந்தச் செலவை அவர் அந்த வருஷ வருமான வரியில் கழிக்க முடியாது. அவருடைய ஆடிட்டருக்கே தெரிந்திருக்கும்.

குறிச்சி மோல்டிங் · 2 ஜூலை, இரவு 9.15

ஜூலைக்கு வரிசையை மாற்றிவிட்டேன். மூடி முதல், டப்பா அடுத்தது, மிச்ச நேரம் ஃபேன் கவர். பம்ப் கம்பெனி பர்ச்சேஸ்காரரிடம் மாதம் 7,000தான் முடியும் என்று நேரில் போய்ச் சொன்னேன். "டை எங்களுது, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். நினைத்தால் சாயந்திரமே வண்டி அனுப்பி டையை ஏற்றிக்கொண்டு போய்விடலாம். அந்த பயம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. டை போய்விட்டால் 18,000 போகும், மூடி ஆர்டர் ஒரு மாதம் சரிந்தால் அந்த நேரத்தை நிரப்ப ஒன்றும் இருக்காது.

லேத்காரன் · 2 ஜூலை, இரவு 9.40

ஒரே ஆளிடம் மூடி ஒரு லட்சம் என்பதும் பயம்தான். எனக்கு ஒரு வால்வு கம்பெனி இருந்தது, என் வேலையில் எழுபது சதவீதம். டிசைனை மாற்றினார்கள், மூன்று மாதம் மெஷின் துணி போர்த்தி நின்றது. ஃபேன் கவரை முழுக்க விட்டுவிடாதீர்கள். போன மாதம் நிறுத்தச் சொன்னவன் நான்தான், இதை யோசித்துச் சொல்கிறேன்.

குறிச்சி மோல்டிங் · 3 ஆகஸ்ட், மாலை 7.00

ஜூலைக் கணக்கு. எதிர்பார்த்தது 23,164. கையில் நின்றது ஏறக்குறைய 11,700. போன மாதங்களைவிட மேல்தான், ஆனால் பாதி.

எங்கே போனது என்று மூன்று நாள் தேடினேன். ஒன்று, மூடிக்காரர் ஒரு லட்சம் என்றவர் 88,000தான் எடுத்தார். அதில் 8,040 போனது.

இன்னொன்று நான் கணக்கிலேயே எடுக்காதது. மூடி ஐந்து கலர். அவர் வாரத்துக்கு வாரம் கலர் மாற்றிக் கேட்க, மாதத்தில் பத்து தடவை கலர் மாற்றினேன். வெள்ளைக்குப் பின் சிவப்பு என்றால் 40 நிமிஷத்தில் ஓடிவிடும். சிவப்புக்குப் பின் வெள்ளை என்றால் பேரலுக்குள் ஒட்டியிருக்கும் சிவப்பு கோடு கோடாக வந்துகொண்டே இருக்கும், இரண்டு மணி நேரம் வரை போகும். சராசரி ஒன்றரை மணி, ஒவ்வொரு தடவையும் 4 கிலோ தானா தள்ள வேண்டியது. பத்து தடவைக்கு 15 மணியும் 4,400 ரூபாயும். தள்ளிய கட்டியை அரைத்துக் கறுப்புப் பொருளுக்கு ஓரளவு போடலாம், அதை நான் சேர்க்கவில்லை.

சைக்கிள் டைமைப் பார்த்து மணிக்கு 600 என்று போட்டேனே, அது மெஷின் மூடி போட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும். மூடிக்காக மெஷின் செலவழித்த மொத்த நேரத்துக்குப் போட்டால் ஒரு லட்சத்துக்கு 62,600 ரூபாய், 182 மணி. மணிக்கு 402 இல்லை, 345. இன்னும் முதல் இடம்தான், ஆனால் நான் நினைத்த தூரத்தில் இல்லை. கலர் இருபது தடவை மாறினால் டப்பாவை நெருங்கிவிடும்.

மில் கணக்கர் · 4 ஆகஸ்ட், காலை 6.45

இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். மில்லில் நூல் கவுன்ட் மாற்றும்போது இதே கதைதான், தெரிந்தும் கேட்கவில்லை.

கலரை வெளிறியதிலிருந்து அடர்த்திக்கு வரிசைப்படுத்தி மாதத்துக்கு ஒரு சுற்று ஓட்ட முடியுமா? வெள்ளை, மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு.

குறிச்சி மோல்டிங் · 4 ஆகஸ்ட், இரவு 10.20

ஒரு சுற்று என்றால் நடுவில் நாலு மாற்றம். 4 மணியும் 12 கிலோவும் போதும். மணிக்கு 385 வரும். கறுப்பிலிருந்து அடுத்த மாத வெள்ளைக்குப் போவதற்குள் ஃபேன் கவர் டை ஏறிவிடும், அதுவும் கறுப்புதான். அந்த டையை இறக்கும்போது எப்படியும் சுத்தம் செய்கிறோம்.

ஆனால் மூடியைச் செய்து அடுக்கி வைக்க இடமும் பணமும் வேண்டும். ஈரோடு அக்காவின் கணக்கு இங்கே வந்து நிற்கிறது. மூடிக்காரரிடம் கேட்டேன், "பதினைந்து நாள் ஸ்டாக் நான் வச்சுக்கறேன், கலருக்கு 20,000க்குக் குறையாம எடுக்கறேன், ஆனா விலையில 5 பைசா குறைங்க" என்கிறார். 5 பைசா என்றால் ஒரு லட்சத்துக்கு 5,000. கலர் மாற்றம் குறைவதில் எனக்கு மிஞ்சுவது தானா 3,080, 11 மணி நேரம். அந்த 11 மணியில் ஃபேன் கவர் ஓடினால் 2,138. இரண்டும் சேர்த்து 5,218. கொடுப்பதற்கும் கிடைப்பதற்கும் சரியாகப் போகிறது. 3 பைசாவுக்கு முடிக்கப் பார்க்கிறேன்.

ஈரோடு மசாலா · 5 ஆகஸ்ட், காலை 10.10

மூடி அதிகமானதும் பேக்கிங் பெண்கள் சமாளிக்கிறார்களா? எங்களுக்கு அரவையைக் கூட்டியதும் பொட்டலம் போடும் இடத்தில் மூட்டை மூட்டையாகத் தேங்கிவிட்டது.

குறிச்சி மோல்டிங் · 5 ஆகஸ்ட், மதியம் 1.30

சரியாகப் பிடித்தீர்கள் அக்கா. 30,000 மூடிக்கு உள்ளே நுரைத் தட்டு வைத்துத் தர வேண்டும். மெஷின் மணிக்கு 600 போடுகிறது, ஒரு பெண் 450தான் வைக்கிறார். ஜூலை இரண்டாம் வாரம் கிரேட் கிரேட்டாகத் தேங்கி, வைக்க இடமில்லாமல் ஆபரேட்டர் மெஷினையே ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டார். இப்போது பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டுக்குக் கொடுக்கிறேன், ஒன்றுக்கு 6 பைசா. மாதம் 1,800. 402 ரூபாய் நேரத்தைக் காப்பாற்ற அது பெரிய காசில்லை.

குறிச்சி மோல்டிங் · 11 ஆகஸ்ட், இரவு 9.30

ஃபேன் கவருக்கு விலை ஏற்றிக் கேட்கலாம் என்று, டப்பாவுக்குச் சமமாக வர எவ்வளவு வேண்டும் என்று போட்டேன். மணிக்கு 280 வர பீஸுக்கு 3.89 நிற்க வேண்டும், கரண்ட், பிசிறு, வண்டி சேர்த்து 1.80. ஆக 5.70. கேட்டேன். சிரித்தார்.

திரும்பி வரும் வழியில் தோன்றியது: விலையை ஏற்றாமல் நேரத்தைக் குறைத்தால்? இரண்டு கேவிட்டி டை. டைக்காரரிடம் போனேன். கவர் 14 சென்டிமீட்டர் விட்டம், பரப்பு 154 சதுர சென்டிமீட்டர். டை திறந்துவிடாமல் மெஷின் அழுத்திப் பிடிக்க சதுர சென்டிமீட்டருக்கு 0.4 டன் என்று வைத்தால் ஒன்றுக்கு 62, இரண்டுக்கு 123 டன். என் 150க்குள் அடங்கும், கொஞ்சம் இறுக்கம்தான். ஷாட் 55 நொடி ஆகும் என்கிறார். மணிக்கு 131.

கரண்ட் பீஸுக்கு 61 பைசாவாகக் குறையும், நிற்பது 3.20. மணிக்கு 419. கடைசியில் இருந்த பொருள் மூடியைத் தாண்டிவிட்டது. கூலியில் ஒரு பைசா ஏறவில்லை.

லேத்காரன் · 12 ஆகஸ்ட், காலை 8.20

இது நல்ல யோசனை. டை யார் காசு?

குறிச்சி மோல்டிங் · 12 ஆகஸ்ட், இரவு 10.45

3.50 லட்சம் என்கிறார் டைக்காரர். பம்ப் கம்பெனி போடாது. அவர்களுக்குக் கூலியில் 50 பைசா குறைத்தாலும் மாதம் 6,000தான் மிச்சம், ஐந்து வருஷம் ஆகும் திரும்ப.

நான் போட்டால்? ஜூலை மாதிரியே ஒரு மாதம் என்று வைத்தேன். 98 மணி மிச்சம் இருந்தது, 7,080 கவர் போட்டு 19,116 வந்தது. இரண்டு கேவிட்டியில் 12,000மும் 92 மணியில் முடிந்துவிடும், 38,400. மாதம் 19,284 கூடுதல், 18 மாதத்தில் டை காசு வந்துவிடும். கூலியை 4 ரூபாயாகக் குறைத்தால் 26 மாதம்.

டை என்னுடையது என்றால் சாயந்திரம் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகாது. ஆனால் மோட்டார் மாடலை மாற்றினால் 3.50 லட்சமும் இரும்பு விலைக்குத்தான்.

மில் கணக்கர் · 13 ஆகஸ்ட், காலை 6.30

இரண்டு விஷயம். டைக்குக் காசு போட்ட பிறகு கேட்டு வாங்குவது சிரமம், முன்பே கேளுங்கள்: 18 மாதத்துக்கு மாதம் 10,000க்குக் குறையாமல் எடுப்பதாகக் கடிதம் ஒன்று. எழுதித் தர மறுத்தால் அதிலேயே ஒரு தகவல் இருக்கிறது.

அடுத்தது. மூன்று பொருளின் ஆர்டரும் 360 மணிக்குள் அடங்கிவிட்டால் மெஷின் பற்றாக்குறை தீர்ந்துவிட்டது. அன்றிலிருந்து 402, 419 என்று வரிசை போடுவதற்கு அர்த்தமில்லை, எல்லாவற்றையும்தான் ஓட்டப் போகிறீர்கள். மிச்சமிருக்கும் சில மணிக்குப் புது ஆர்டர் வந்தால் அந்தப் பொருளுக்கென்றே ஆகும் செலவுக்கு மேலே எது வந்தாலும் லாபம். அந்த இடத்தில் லேத்காரர் சொன்ன இருவரை மறக்காதீர்கள்.

லேத்காரன் · 13 ஆகஸ்ட், காலை 9.00

அந்த மிச்ச மணிக்கும் நான் 250க்குக் கீழே சொல்ல மாட்டேன். ஒரு தடவை குறைத்துச் சொன்னால் அடுத்த தடவை அதுதான் விலை. இதில் எனக்கும் சாருக்கும் ஒத்துவராது.

குறிச்சி மோல்டிங் · 18 ஆகஸ்ட், மாலை 6.10

கடிதம் கேட்டேன். 12 மாதம், 9,000 என்று தருகிறோம் என்கிறார்கள். 9,000க்குப் போட்டால் மாதம் கூடுதல் 9,684தான், 12 மாதத்தில் 1.16 லட்சம். 3.50க்கு மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தை நம்பிப் போடுவதா என்று தெரியவில்லை. தவிர, 9,000 கவர் 69 மணியில் முடிந்துவிடும், மிச்சம் 29 மணி காலி. அதற்கு ஊறுகாய்க்காரரின் பெரிய வாய் மூடியைக் கேட்டுப் பார்க்க நாளைக்கு பொள்ளாச்சி போகிறேன். அதற்கு 3 கேவிட்டி டை அவரே வைத்திருக்கிறார், சைக்கிள் டைம் எவ்வளவு என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். 30 கிராம், பிபி.